சனிக்கிழமைக் குறிப்பு: பதினான்கு வருட அனுபவத்துடன் வேலை தேடும் பொறியாளர் வாரம் ஒருமுறை எழுத வேண்டிய ஒரு பக்கம்

சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில், ஜாவா பின்தளப் பணியில் இருந்துகொண்டே வேறு வேலை தேடினேன். அப்போது எனக்குப் பதினான்கு வருட அனுபவம், தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட். முதல் ஒரு மாதத்தில் ரெஸ்யூமேயை இரண்டு முறை அடியோடு மாற்றினேன். பதில் வராத ஒவ்வொரு வாரமும் குறை ரெஸ்யூமேயில்தான் என்று தோன்றியது. ஆறாவது வாரம் கணக்கை ஒழுங்காக எழுதிப் பார்த்தபோது, ரெஸ்யூமேயைத் தாண்டி வந்த பிறகுதான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை வாரம்தோறும் எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

குறிப்புக்கு நாற்பது நிமிடம் போதும். நான் சனிக்கிழமை காலையில் எழுதுவேன். வெள்ளி மாலையோடு அந்த வாரத்தின் அழைப்புகள் முடிந்திருக்கும். ஞாயிறு மாலை வேண்டாம். திங்கட்கிழமைக் கவலை கணக்கில் கலந்துவிடும். அலுவலக மடிக்கணினியிலோ அலுவலகக் கணக்கிலோ இதை வைத்திருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைத்தேன். ஆனால் அப்படி வைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லிவைக்கிறேன்.

முதல் படி: அட்டவணை

குறிப்புக்கு அடித்தளம் ஓர் அட்டவணை. கூகுள் ஷீட்ஸ், எக்செல் எதுவாகவும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் ஒரு பணியிடத்துக்கு ஒரு வரி. ஆறு நெடுவரிசைகள் போதும்: A தேதி, B நிறுவனமும் பணியும், C வழி, D எந்த ரெஸ்யூமே, E எட்டிய உச்சக் கட்டம், F அவர்கள் சொன்னது.

வழி மூன்று வகை. நானே இணையத்தில் விண்ணப்பித்தால் ‘நேரடி’. தெரிந்தவர் உள்ளே இருந்து பெயர் கொடுத்தால் ‘பரிந்துரை’. நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ என் விவரத்தைப் பார்த்து ரெக்ரூட்டர் தானாகக் கூப்பிட்டால் ‘அழைப்பு’.

பரிந்துரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நண்பர் “அனுப்பு, போட்டுவிடுகிறேன்” என்று சொன்ன நாளில் வரியைத் தொடங்கக் கூடாது. அவர் தன் நிறுவனத்தின் தளத்தில் பெயரைப் பதிவு செய்த நாளில்தான் தொடங்க வேண்டும். பல நிறுவனங்களில் அப்போது உங்களுக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். முதல் ஆறு வாரங்களில் எனக்குப் பன்னிரண்டு வாக்குறுதிகள் கிடைத்தன, பதிவானவை ஏழுதான். பன்னிரண்டையும் எண்ணியிருந்தால், பரிந்துரை பலிக்கவில்லை என்ற தவறான முடிவுக்கு வந்திருப்பேன். மீதி ஐந்து நண்பர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நினைவூட்டல் மட்டுமே.

கட்டத்தை எண்ணால் குறியுங்கள். பதில் இல்லாவிட்டாலும், தானியங்கி மின்னஞ்சல் மட்டும் வந்தாலும் 0. ஒரு மனிதர் பேசினால் 1. தொழில்நுட்பச் சுற்று நடந்தால் 2. மேலாளருடனான கடைசிச் சுற்று 3. எழுத்துப்பூர்வமான பணி ஆணை 4. வாய்மொழியாக “எடுத்துக்கொண்டோம்” என்றால் அது இன்னும் 3தான்.

நிராகரித்துவிட்டார்கள் என்பதற்காக அந்த எண்ணை அழிக்காதீர்கள். பெரும்பாலானோர் அந்த இடத்தில் ‘நிராகரிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு, ரெஸ்யூமேயைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்ட நிறுவனமும் மூன்று சுற்று பேசிவிட்டு மறுத்த நிறுவனமும் பார்வைக்கு ஒன்றுபோலாகிவிடும். நமக்கு வேண்டிய செய்தியே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: முற்றிய வரிகளை மட்டும் எண்ணுவது

இந்த வாரம் அனுப்பிய பத்து விண்ணப்பங்களுக்கு இந்த வாரமே பதில் தேடுவது, விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பது போல. அதிகமாக விண்ணப்பித்த வாரம்தான் பதில் விகிதம் மோசமான வாரமாகத் தெரியும், ஏனென்றால் புதிதாகச் சேர்ந்த வரிகள் எல்லாம் 0இல்தான் நிற்கும். அந்தப் பயத்தில்தான் நான் ரெஸ்யூமேயை முதல் தடவை மாற்றினேன்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை உங்கள் அட்டவணையே சொல்லும். பதில் வந்த வரிகளை மட்டும் எடுத்து, விண்ணப்பித்த நாளுக்கும் முதல் பேச்சுக்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வந்தது. மிகத் தாமதமானது பத்தொன்பதாம் நாள். அதனால் 21 நாள் கடந்தவற்றை மட்டும் ‘முற்றியவை’ என்று கொண்டேன். கணக்கு இரண்டு வரிதான்:

```
=COUNTIFS(C:C,"பரிந்துரை",A:A,"<="&TODAY()-21)
=COUNTIFS(C:C,"பரிந்துரை",A:A,"<="&TODAY()-21,E:E,">=1")
```

முதலாவது முற்றிய பரிந்துரைகளின் எண்ணிக்கை. இரண்டாவது அவற்றில் பேச்சு வரை வந்தவை. கடைசி எண்ணை 2, 3 என்று மாற்றினால் அடுத்த கட்டங்கள் கிடைக்கும். வழியின் பெயரை மாற்றினால் நேரடி விண்ணப்பங்களின் கணக்கு. ‘அழைப்பு’ வகைக்கு மட்டும் இந்த 21 நாள் பொருந்தாது. அது தொடங்கும்போதே கட்டம் 1இல் இருக்கிறது. அங்கே எண்ண வேண்டியவை இரண்டு: வாரத்துக்கு எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் 2க்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் படி: சிறிய எண்களை நம்பாமல் படிப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு சோறும் வேறு வேறு பானையிலிருந்து வருகிறது.

புள்ளியியலில் ஓர் எளிய விதி இருக்கிறது. n முறை முயன்று ஒருமுறைகூடப் பலிக்கவில்லை என்றால், உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 3/n வரைகூட இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். பன்னிரண்டு விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 3/12 என்பது நான்கில் ஒன்று. அதாவது உண்மையில் நான்குக்கு ஒன்று பலிக்கக்கூடிய ரெஸ்யூமேகூட இப்படி மௌனமாக இருந்துவிடலாம். பன்னிரண்டை வைத்து எதையும் மாற்றக் கூடாது. முப்பது விண்ணப்பங்களுக்கும் மௌனம் என்றால் பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லலாம். அப்போதுதான் அந்த வழியைச் சந்தேகிக்கக் காரணம் கிடைக்கிறது. ஐந்து பரிந்துரையில் இரண்டு பலித்தது என்பதற்காக ‘நாற்பது சதவீதம்’ என்று எழுதுவதும் இதே தவறுதான். குறிப்பில் சதவீதமே வேண்டாம். “ஐந்தில் இரண்டு” என்றே எழுதுங்கள். அது எவ்வளவு சிறிய எண் என்பது ஒவ்வொரு முறையும் கண்ணில் படும்.

நான்காம் படி: எந்த வாசலில் நிற்கிறோம்

ஒரு வழியில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் இடத்தைத்தான் வாசல் என்கிறேன். என் ஆறாவது வாரக் குறிப்பின் மேல்பாதியை அப்படியே தருகிறேன்:

> நேரடி: முற்றியவை 34. பேச்சு 2. தொழில்நுட்பச் சுற்று 0.
> பரிந்துரை: முற்றியவை 7. பேச்சு 4. தொழில்நுட்பச் சுற்று 3.
> அழைப்பு: இதுவரை 9. தொழில்நுட்பச் சுற்று 2.
> அழைப்பில் நின்றுபோன 7: நோட்டீஸ் பீரியட் 5, சம்பளம் 2.

கடைசி வரியைப் பார்த்துத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பது பேர் தாமாகவே கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் என் விவரம் அவர்களைக் கவர்ந்திருக்கிறது. ஏழு பேர் முதல் ஐந்து நிமிடத்தில் விலகியிருக்கிறார்கள். அன்று நான் மூன்றாவது முறையாக ரெஸ்யூமேயைத் திருத்த இருந்தேன்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

“நோட்டீஸ் பீரியட் எவ்வளவு சார்?”

“தொண்ணூறு நாள்.”

“குறைக்க முடியுமா?”

“பேசிப் பார்க்கலாம்.”

“சரி சார், டீமிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

அவ்வளவுதான். ‘பேசிப் பார்க்கலாம்’ என்பது ரெக்ரூட்டருக்கு எந்தத் தகவலும் தராத பதில். அவர் அதை அப்படியே மேலாளரிடம் கொண்டுபோக முடியாது.

இங்கே பொய் சொல்லித் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நௌக்ரி விவரத்தில் ‘15 நாள்’ என்று போட்டால் கூடுதல் அழைப்பு வரும்தான். நோட்டீஸ் பீரியடை வைத்து வடிகட்டித்தான் பலர் தேடுகிறார்கள். ஆனால் பணி ஆணை தரும்முன் கடைசி வேலை நாளைக் கேட்பார்கள், சேரும்போது விடுவிப்புக் கடிதம் கேட்பார்கள். மூன்று சுற்று உழைப்பு அங்கே வீணாகும்.

நான் செய்தது வேறு. என் பணி ஆணையை எடுத்து அந்தப் பிரிவைப் படித்தேன். பத்து வருடத்தில் முதல்முறையாகப் படித்தேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மேலாளர் சம்மதித்தால் குறையும் நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேறலாம் என்று அதில் இருந்தது. எங்கள் குழுவிலிருந்து கடைசியாகப் போன மூன்று பேரை விசாரித்தேன். மூவரும் ஏறக்குறைய அறுபது நாளில் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். இவ்வளவும் சேர்ந்து ஒரு பதிலானது:

“ஒப்பந்தப்படி தொண்ணூறு நாள். மீதி நாட்களைப் பணம் கட்டிக் குறைக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது, மேலாளரின் சம்மதம் வேண்டும். சமீபத்தில் எங்கள் குழுவிலிருந்து போனவர்கள் அறுபது நாளில் விடுபட்டார்கள். அறுபதுக்குக் கீழ் என்னால் வாக்குத் தர முடியாது.”

கூடவே முதல் நிமிடத்தில் நானே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: “இது உங்கள் நிறுவனத்தின் நேரடிப் பணியிடமா, வாடிக்கையாளரின் திட்டத்துக்கான ஆளா?” திட்டத்துக்கு ஆள் தேடுபவருக்குத் தொடங்கும் தேதி முன்பே குறிக்கப்பட்டிருக்கும், அவர் அறுபது நாள்கூடக் காத்திருப்பது அரிது. நேரடிப் பணியிடம், அதிலும் மூத்த பணி என்றால் காத்திருக்க இடம் இருக்கிறது. திட்டத்துக்கு என்றால் நன்றி சொல்லி அங்கேயே முடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

ஐந்தாம் படி: ஒரு வாசலுக்கு ஒரு மாற்றம், எல்லையை முன்கூட்டியே எழுதி

குறிப்பின் கீழ்ப்பாதியில் மூன்று வரிகள் வேண்டும்: எதை மாற்றுகிறேன், எதைப் பார்த்தால் பலித்தது என்பேன், எப்போது கைவிடுவேன். அன்று நான் எழுதியது இது:

> மாற்றம்: நோட்டீஸ் பீரியடுக்குப் புதிய பதில்.
> பலித்தது என்றால்: அடுத்த 8 அழைப்புகளில் குறைந்தது 4 தொழில்நுட்பச் சுற்றுக்குப் போக வேண்டும்.
> கைவிடுவது: 8 முடிந்து 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்.

எல்லையை வாரத்தில் வைக்காமல் எண்ணிக்கையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அழைப்புகள் ஒரே சீராக வருவதில்லை. தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரம் ஒருவரும் கூப்பிடாமல் போகலாம். அந்த மௌனத்தை என் மாற்றத்தின் தோல்வியாகப் படித்துவிடக் கூடாது.

எட்டு அழைப்புகள் வர ஐந்து வாரம் ஆயிற்று. நான்கு தாண்டின. ஒன்பதில் இரண்டு இருந்த இடத்தில் எட்டில் நான்கு. இதுவும் சிறிய எண்தான், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நான் அதிகம் நம்பியது F நெடுவரிசையை. நின்றுபோன நான்கில் ஒருவர்கூட நோட்டீஸ் பீரியடைக் காரணமாகச் சொல்லவில்லை.

ஒரே வாசலில் இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆனால் வெவ்வேறு வாசல்களில் ஒரே சமயத்தில் மாற்றலாம். அவை தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அதனால் அதே ஆறாவது வாரம் நேரடி விண்ணப்பங்களிலும் கை வைத்தேன். 34இல் 2 என்பது குறைவு. முதலில் ரெஸ்யூமே கோப்பைச் சோதித்தேன்: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பத்தியாக அழகுபடுத்திய ரெஸ்யூமேயில், இடப்பக்கத் திறன்கள் வலப்பக்க அனுபவத்தின் நடுவே போய்ச் செருகிக்கொள்வதைக் காணலாம். சில நிறுவனங்களின் மென்பொருளும் அப்படிப் படிக்கக்கூடும். என்னுடையது ஒரே பத்திதான், அதில் சிக்கல் இல்லை. ஆகவே வாரத்துக்குப் பத்து என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தேன், அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள் வெளியான பணிகளுக்கு மட்டும்.

மிச்சமான நேரம் பழைய சகாக்களுக்குப் போனது. பதினான்கு வருடத்தில் நமக்குச் சேர்ந்திருக்கும் உண்மையான சொத்து அதுதான். புதிதாகப் படித்து முடித்தவருக்கு அது கிடையாது. மூன்று நிறுவனங்களிலும் கூட வேலை செய்தவர்களைப் பட்டியலிட்டேன். “வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று எழுதினால் பதில் வராது, அது அவர்மேல் தேடும் வேலையைச் சுமத்துகிறது. அவர் நிறுவனத்தின் தளத்தில் நானே பணியைத் தேடி, அதன் எண்ணோடு எழுதினேன்: “அண்ணா, உங்கள் நிறுவனத்தில் இந்தப் பணி திறந்திருக்கிறது. ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். பொருத்தம் என்று தோன்றினால் பதிவு செய்ய முடியுமா? தோன்றாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.” அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இரண்டு பேர் “இந்தக் குழு சரியில்லை, வேண்டாம்” என்று எழுதினார்கள். அது பரிந்துரையைவிட மதிப்பான பதில்.

ஆறாம் படி: தொழில்நுட்பச் சுற்றில் தோற்றதை அன்றே எழுதுவது

இந்தக் கட்டத்தில் எண்கள் இன்னும் சிறியவை, ஆகவே எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினேன், எதை இரண்டாவது முறை கேட்டார்கள். மறுநாள் எழுதினால், நாம் நன்றாகச் சொன்னதுதான் நினைவில் நிற்கும்.

ஆறாவது வாரத்துக்குள் ஐந்து இடங்களில் தொழில்நுட்பச் சுற்று முடிந்து தோற்றிருந்தேன். ஒன்றில் நிரல் எழுதுவதில்; நான்கில் சிஸ்டம் டிசைனில். இது எனக்கு வியப்பு. பத்து வருடமாக அதைத்தானே செய்கிறேன்! ஒரு சுற்றின் குறிப்பு இப்படி இருந்தது: “ஒரே கட்டணக் கோரிக்கை இரண்டு முறை வந்தால் பணம் இரண்டு முறை பிடிக்கப்படாமல் எப்படித் தடுப்பது? காஃப்காவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். ‘நொடிக்கு எத்தனை கோரிக்கை?’ என்று அவர் இரண்டு முறை கேட்டார்.” மற்ற மூன்றைப் புரட்டினால் அவற்றிலும் இதே நிழல். என் வேலையில் அளவுகளை வேறு யாரோ முடிவு செய்து ஆவணத்தில் தருவார்கள்; நான் நேராகத் தீர்வுக்குத் தாவிவிடுவேன். நேர்முகத்தில் அந்த ஆவணம் இல்லை. அதைக் கேட்டு வாங்குவதைத்தான் மூத்த பொறியாளரிடம் எதிர்பார்க்கிறார்கள்.

ஆகவே மாற்றம் புதிய பாடம் படிப்பதாக இல்லை. மூன்று வாரம், தினமும் மாலை ஒரு கேள்வி, அதில் முதல் ஐந்து நிமிடம் கேள்விகளும் கூட்டல் வகுத்தலும் மட்டும். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் ஆர்டர் என்றால் 86,400 நொடியால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு. உச்ச நேரத்தில் பத்து மடங்கு என்றாலும் நூற்றிருபது. இந்த அளவை நன்றாக அமைத்த ஒரே தரவுத்தளம் தாங்கும். கோரிக்கைக்கு ஒரு தனி அடையாள எண்ணும், அந்த எண் இரண்டாவது முறை பதிவாகாமல் தடுக்கும் ஒரு விதியும் இருந்தால் இரட்டைப் பிடித்தம் நின்றுவிடும். காஃப்காவுக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் பத்து நிமிடம் பேசித் தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குறிப்பு எங்கே கெட்டுப்போகும்

எனக்கு இரண்டு இடங்களில் கெட்டது. ஒன்று, உழைப்பை எண்ணத் தொடங்கியபோது: “இந்த வாரம் 14 விண்ணப்பம், 9 மணி நேரப் பயிற்சி.” பார்க்க நிறைவாக இருக்கும், எந்த வாசலும் திறந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை. இன்னொன்று, புலம்பல். ஒரு நிறுவனம் கடைசிச் சுற்றுக்குப் பிறகு மூன்று வாரம் மௌனமாக இருந்தது. அந்த வாரக் குறிப்பு இரண்டு பக்கம் போயிற்று, முடிவு வரி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு F நெடுவரிசையில் அவர்கள் சொன்ன சொற்களை மட்டுமே எழுதினேன். ஒன்றும் சொல்லாவிட்டால் ‘சொல்லவில்லை’. “வயதைப் பார்த்திருப்பார்கள்” என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

லிங்க்ட்இன்னில் வேலைக்குத் தயார் என்ற குறியை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும்படி வைக்கலாம். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகவும், முழு உறுதி தர முடியாது என்றும் அந்தத் தளமே சொல்கிறது. குறிப்பில் அந்தக் குறியை எப்போது இட்டேன், எப்போது எடுத்தேன் என்று எழுதிவையுங்கள். அழைப்பு எண்ணிக்கை திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ காரணம் தேட அது உதவும்.

பதினைந்தாவது வாரம் ஒரு பரிந்துரை வழியாகப் பணி ஆணை வந்தது. அன்று அந்த வரியில் 4 என்று எழுதினேன், மற்ற வரிகளை மூடவில்லை. விடுவிப்புக்கு அறுபத்திரண்டு நாள் ஆயிற்று. அந்த ஒன்பது சனிக்கிழமைகளிலும் குறிப்பு இரண்டே வரி: சேரும் தேதியைப் புது நிறுவனம் எழுத்தில் மறுபடி உறுதி செய்ததா, 3ஆம் கட்டத்தில் நிற்கும் இரண்டு நிறுவனங்கள் என்ன சொன்னார்கள்.